ஜூலை 1 போய் ஜூன் 30 ஆன டிக்கெட்: மறுகேள்வி வராதபடி பிழையை எழுதுவது

விடுப்பு விண்ணப்பிக்கும் ஒரு செயலி. அதற்கு ஒரு டிக்கெட் வருகிறது: “சில சமயம் விடுப்புத் தேதி தப்பா வருது. ஜூலை லீவு ஜூன் ரிப்போர்ட்ல இருக்கு. அவசரம்.” கூடவே மாத அறிக்கையின் ஒரு மூலையைப் படமெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

எழுதியவர் கண்ணில் பட்டதை உண்மையாகவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் இதைக் கையில் எடுக்கும் டெவலப்பரால் ஓர் அடிகூட நகர முடியாது. எந்தத் தேதியைக் கொடுத்தீர்கள்? அது என்னவாக மாறியது? எந்தத் திரையில் பார்த்தீர்கள்? சேமிப்பதிலேயே தப்பா, காட்டுவதில் தப்பா? எல்லாருக்குமா, ஒருவருக்கு மட்டுமா? எப்போதிலிருந்து? ‘சில சமயம்’ என்றால் எந்தச் சமயம்? இந்த ஏழு கேள்விகளும் ஒன்றாக வராது. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்தது தோன்றும். ஒரு கேள்விக்கு அரை நாள் என்று வைத்தாலும் மூன்றரை நாள் அந்த டிக்கெட் சும்மா கிடக்கும். ஒரு வரி நிரலைத் திருத்த வேண்டிய பிழைக்கு இது ரொம்ப அதிகம்.

இந்த ஒரே டிக்கெட்டை எடுத்து, அந்தக் கேள்விகள் எழவே வழியில்லாதபடி எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.

பார்த்த இடம் வேறு, பிழை நடந்த இடம் வேறு

மேலே உள்ள டிக்கெட்டில் ‘ரிப்போர்ட்’ என்ற சொல் இருப்பதால் அது நேராக அறிக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்குப் போகும். அவர்கள் திறந்து பார்ப்பார்கள். பதிவில் தேதி ஜூன் 30 என்றுதான் இருக்கிறது. ஜூன் அறிக்கையில் வருவது சரிதான். “எங்கள் பக்கம் பிழை இல்லை” என்று எழுதி டிக்கெட்டைத் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். பிழை அறிக்கையில் தெரிந்ததே தவிர, அறிக்கையில் நடக்கவில்லை.

அதனால் எழுதும் முன், தப்பைப் பார்த்த இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். அறிக்கையில் ஜூன் 30. அதற்கு முந்தைய இடம் ‘என் விண்ணப்பங்கள்’ பட்டியல். அங்கேயும் ஜூன் 30. அதற்கும் முந்தையது விண்ணப்பப் படிவம். அங்கே தேதியைத் தேர்ந்தெடுத்ததும் பெட்டியில் 01-07-2025 என்று சரியாகவே தெரிகிறது. ஆக, கடைசியாகச் சரியாக இருந்த இடம் படிவம், முதலில் தப்பாகத் தெரிந்த இடம் பட்டியல். நடுவில் நடந்தது ‘சேமி’ பொத்தானை அழுத்தியது ஒன்றுதான். இந்த நடைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் டிக்கெட் எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதையே இது மாற்றிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே கவனிக்க வேண்டும். மாதம் மாறவில்லை, ஒரு நாள்தான் பின்னால் போயிருக்கிறது. கொடுத்தது மாதத்தின் முதல் தேதியாக அமைந்ததால் மாதமே மாறியதுபோல் தோற்றம். ஆகவே ஒரு பிழையை முதலில் பார்த்த மதிப்போடு நிறுத்தாமல், வேறு ஒரு மதிப்பையும் கொடுத்துப் பார்ப்பது அவசியம். தேதி என்றால் மாதத்தின் நடுவில், 12-க்கு மேற்பட்ட ஒரு நாளை எடுங்கள். 2025-07-15 கொடுத்தால் 2025-07-14 என்று சேமிக்கிறது. 15 என்ற எண் மாதமாக இருக்க முடியாது. எனவே நாளும் மாதமும் இடம் மாறிவிட்டனவோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. தேதிகளை டிக்கெட்டில் ஆண்டு-மாதம்-நாள் வரிசையிலேயே எழுதுவது நல்லது. 03/04 என்று எழுதினால் அது மார்ச் நான்கா ஏப்ரல் மூன்றா என்று ஒருவர் கேட்பார், அதுவும் ஒரு மறுகேள்வி.

‘சில சமயம்’ என்பதை உடைப்பது

பிழை அறிக்கைகளில் அதிக நேரத்தை விழுங்கும் சொல் இதுதான். டெவலப்பர் தன் கணினியில் நாலு தடவை முயல்வார், சரியாக வரும், “இங்கே வரவில்லையே” என்று மூடிவிடுவார். பிழை அப்படியே இருக்கும்.

முதல் வேலை எண்ணுவது. பத்து விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். எத்தனை தப்பாகிறது என்று எழுதுங்கள். பத்தில் ஆறு என்று வந்தால், ‘சில சமயம்’ என்பதை விட அது எவ்வளவோ மேல். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் பக்கத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்: எந்த பிரவுசர், எந்தக் கணக்கு, எத்தனை மணி, தேதியை எப்படிக் கொடுத்தீர்கள். குறிப்பில்லாமல் எண்ணினால், பத்தில் ஆறு என்பது வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பிரவுசரை மட்டும் மாற்றினால், அதே கலவையான விளைவு; ஆகவே பிரவுசர் காரணமில்லை. கணக்கை மட்டும் மாற்றினாலும் அதேதான், கணக்கும் காரணமில்லை. இனி குறிப்பைத் திரும்பப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இந்தப் படிவத்தில் தேதி கொடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. நாள்காட்டியைத் திறந்து ஒரு நாளைத் தொடலாம். அல்லது ‘இன்று’ என்ற பொத்தானை அழுத்தலாம். இப்போது நாள்காட்டி வழியாக மட்டும் ஐந்து தடவை, பொத்தான் வழியாக மட்டும் ஐந்து தடவை. நாள்காட்டியில் ஐந்துக்கு ஐந்து தப்பு. பொத்தானில் ஐந்துக்கு ஐந்து சரி.

‘சில சமயம்’ காணாமல் போய்விட்டது. பத்தில் ஆறு என்று முன்பு வந்ததற்குக் காரணம், அந்தப் பத்தில் ஆறு முறை நாள்காட்டியைத் தொட்டதுதான். எப்போதாவது வரும் பிழை என்று சொல்லப்படுபவற்றில் நிறைய இப்படித்தான் இருக்கும். நாம் கவனிக்காத ஒன்று மாறிக்கொண்டே இருந்திருக்கும். பெரும்பாலும் அது ஒரே காரியத்தைச் செய்ய உள்ள இரண்டு வழிகளாகவோ, நாளின் நேரமாகவோ, முதல் தடவை, இரண்டாம் தடவை என்ற வேறுபாடாகவோ இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

இவ்வளவு செய்தும் வடிவம் பிடிபடவில்லை என்றால், பரவாயில்லை. எதையெதை மாற்றிப் பார்த்தீர்கள், எதனால் வித்தியாசம் வரவில்லை என்பதை எழுதுங்கள். “இரண்டு பிரவுசரிலும் வருகிறது, இரண்டு கணக்கிலும் வருகிறது” என்ற ஒரு வரி, டெவலப்பர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்வதைத் தவிர்க்கும்.

படிகள்: எங்கிருந்து தொடங்குகிறோம்

படிகளை எழுதும்போது எல்லாரும் விட்டுவிடுவது தொடக்கநிலையை. “தேதியைத் தேர்ந்து சேமித்தேன்” என்றால், அது புதிய விண்ணப்பமா, பழையதைத் திருத்தியதா? பட்டியலிலிருந்து போனீர்களா, மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்திப் போனீர்களா? செயலியில் இவை வெவ்வேறு நிரல்கள் வழியாகப் போகலாம். அதனால் உள்நுழைவதில் இருந்தே தொடங்குங்கள்: எந்த வகைக் கணக்கு என்பதை முதல் படியாக வையுங்கள். பொத்தானிலும் மெனுவிலும் திரையில் என்ன எழுத்து இருக்கிறதோ அதையே எழுதுங்கள். ‘சேமி’ என்று இருப்பதை ‘சமர்ப்பி’ என்று நீங்கள் எழுதினால், அப்படி ஒரு பொத்தான் வேறு திரையில் இருந்து தொலைக்கும்.

எழுதி முடித்ததும் நினைவிலிருந்து செய்யாமல், எழுதியதை மட்டும் படித்துப் படித்து ஒரு முறை செய்து பாருங்கள். பிரவுசரில் தனிச்சாளரம் ஒன்றைத் திறந்து செய்தால் பழைய குக்கீகளும் ஏற்கெனவே உள்நுழைந்த நிலையும் குறுக்கே வராது. விட்டுப்போன படி இருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

ஸ்கிரீன்ஷாட் சொல்லாததை அனுப்பிய தரவு சொல்லும்

சேமிப்பதிலேயே தப்பா, காட்டுவதில் தப்பா என்ற கேள்விக்குத் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. பட்டியலில் ஜூன் 30 என்று தெரிவது, பதிவே அப்படி இருப்பதாலும் இருக்கலாம்; சரியான பதிவைத் தப்பாகக் காட்டுவதாலும் இருக்கலாம். இதைத் தீர்க்க பிரவுசரிலேயே வழி இருக்கிறது. குரோமில் F12 அழுத்தி Network பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ‘சேமி’ அழுத்துங்கள். புதிதாக வரும் கோரிக்கையைத் தொட்டு Payload என்ற தாவலைப் பாருங்கள். சர்வருக்கு என்ன போனது என்று அங்கே இருக்கும்:

```json
{ "type": "casual", "from_date": "2025-06-30" }
```

படிவத்தில் ஜூலை 1 என்று தெரியும்போதே, பிரவுசரை விட்டுக் கிளம்பியது ஜூன் 30. சர்வர் கிடைத்ததைத்தான் சேமித்தது. இந்த ஒற்றை வரி சர்வர், தரவுத்தளம், அறிக்கை மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. இதைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே பிரதி எடுத்து ஒட்டுங்கள். பின்னால் இதே பிழையைப் பார்ப்பவர் `from_date` என்று தேடினால் உங்கள் டிக்கெட் கிடைக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அப்படித் தேடிப் பிடிப்பது கடினம்.

ஓர் எச்சரிக்கை. அந்த Network பகுதியை அப்படியே மொத்தமாகச் சேமித்து இணைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தக் கோப்பில் உங்கள் குக்கீயும் உள்நுழைவு டோக்கனும் இருக்கக்கூடும். கையில் கிடைத்தவர் உங்கள் கணக்கில் நுழைந்துவிடலாம். தேவையான வரியை மட்டும் பிரதி எடுங்கள். அதில் மற்றவர்களின் பெயரோ எண்ணோ இருந்தால் அழித்துவிட்டு, அழித்த இடத்தில் அழித்ததாகக் குறியுங்கள்.

சூழல்: பத்து வரி வேண்டாம், பிழைக்குத் தொடர்புள்ளது வேண்டும்

பிரவுசரின் வெர்ஷன், இயங்குதளம், திரையின் அளவு, நினைவகம் என்று ஒரு நீண்ட பட்டியலை எல்லா டிக்கெட்டிலும் நிரப்பச் சொல்லும் படிவங்கள் இருக்கின்றன. பாதி விவரம் யாருக்கும் பயன்படுவதில்லை. வேண்டிய ஒன்று அதில் இருப்பதுமில்லை. செயலியின் வெர்ஷன், எந்தச் சர்வர் (சோதனைச் சர்வரா, மக்கள் பயன்படுத்துவதா), பிரவுசர், கணக்கின் வகை: இந்த நான்கும் எப்போதும் வேண்டும். ஐந்தாவதாக, இந்தப் பிழையின் இயல்புக்கேற்ற ஒன்று. எழுத்து உடைந்து வந்தால் ஃபான்ட்டும் மொழி அமைப்பும். மெதுவாக இருந்தால் எத்தனை பதிவுகள் என்பது. தேதியோ நேரமோ மாறினால் நேர மண்டலம்.

நம் டிக்கெட்டின் உயிர் இந்த ஐந்தாவது வரியில் இருக்கிறது. அதே F12 சாளரத்தில் Console பகுதியில் இந்த இரண்டு வரிகளையும் தட்டலாம்:

```js
Intl.DateTimeFormat().resolvedOptions().timeZone
new Date(2025, 6, 1).toISOString()
```

ஜாவாஸ்கிரிப்டில் மாதங்கள் 0-விலிருந்து எண்ணப்படுவதால், 6 என்பது ஜூலை. உலகப் பொது நேரமான யுடிசியை விட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடும் கணினியில் இரண்டாவது வரிக்கு வரும் விடை `2025-06-30T18:30:00.000Z`. அங்கே ஜூலை 1 நள்ளிரவு பிறக்கும்போது யுடிசி கணக்கில் இன்னும் ஜூன் 30 மாலை 6:30 தான். அந்த விடையின் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தேதி என்று அனுப்பினால் ஒரு நாள் குறைந்துவிடும்.

டெவலப்பரிடம் ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அவர் வேலை செய்யும் கணினி யுடிசியில் ஓடினால், உள்ளூர் நள்ளிரவும் யுடிசி நள்ளிரவும் ஒன்றுதான், தேதி நகராது. தானியங்கிச் சோதனைகள் ஓடும் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் வைக்கப்பட்டிருக்கும், அங்கேயும் எல்லாம் பச்சையாகவே காட்டும். டிக்கெட்டில் நேர மண்டலம் இருந்தால் அவர் பிழையைத் தன் முன்னால் வரவழைக்க ஒரு வரி போதும்:

```
TZ=Asia/Kolkata node -e "console.log(new Date(2025,6,1).toISOString())"
```

பிரவுசரிலேயே பார்க்க வேண்டுமென்றால் குரோமின் Sensors பகுதியில் இடத்தை மாற்றினால் நேர மண்டலமும் கூடவே மாறும்.

‘இன்று’ பொத்தான் சரியாக வேலை செய்ததற்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறது. நாள்காட்டி கொடுப்பது அந்த நாளின் நள்ளிரவை. பொத்தான் கொடுப்பது அழுத்திய அந்த நொடியை. காலை பத்து மணிக்கு அழுத்தினால் யுடிசியில் அதிகாலை 4:30, அதே நாள். ஆனால் அதிகாலை ஐந்து மணிக்கு அழுத்தினால் யுடிசியில் முந்தைய நாள் இரவு 11:30 ஆகிவிடும். அதாவது பொத்தானும் முழுக்கச் சரியில்லை. 5:30-க்கு முன்னால் யாரும் அழுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எப்போதிலிருந்து

“புது அப்டேட்டுக்கு அப்புறம்தான்” என்று எழுதுவார்கள். அது ஊகமா, பார்த்ததா? பழைய பதிவு ஒன்றைத் தேடுங்கள். 4.11.3 வெர்ஷன் இருந்த நாளில் நாள்காட்டி வழியாகப் போட்ட விண்ணப்பம் சரியான தேதியோடு இருக்கிறதா? இருந்தால், “4.11.3-இல் சரி, 4.12.0-இல் தப்பு” என்று எழுதலாம். கடைசியாகச் சரியாக இருந்தது, முதலில் தப்பானது என்ற இரண்டு முனையும் தெரிந்தால் டெவலப்பர் நடுவில் வெட்டி வெட்டித் தேடுவார். இரண்டு வெர்ஷனுக்கும் இடையே 40 மாற்றங்கள் இருந்தாலும் அதிகபட்சம் ஆறு சோதனையில் குறிப்பிட்ட மாற்றத்தைப் பிடித்துவிடலாம். `git bisect` செய்வது அதைத்தான். சரியாக இருந்த முனை தெரியாவிட்டால், “பழைய வெர்ஷனில் பார்க்க வழியில்லை” என்று எழுதுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டால், தப்பான எல்லைக்குள் ஆறு சோதனையும் வீணாகும்.

எழுதி முடித்த டிக்கெட்

மேலே செய்ததையெல்லாம் சேர்த்தால் இவ்வளவுதான் வருகிறது:

> தலைப்பு: விடுப்பு விண்ணப்பம்: நாள்காட்டியில் தேர்ந்த தொடக்கத் தேதி ஒரு நாள் முன்னதாகச் சேமிக்கப்படுகிறது (யுடிசிக்கு முன்னால் உள்ள நேர மண்டலத்தில்)
>
> படிகள்: 1. சாதாரண ஊழியர் கணக்கில் உள்நுழைக. 2. ‘புதிய விண்ணப்பம்’ திறக்க. 3. ‘தொடக்கத் தேதி’ பெட்டியில் நாள்காட்டியைத் திறந்து 2025-07-15 தொடுக. பெட்டியில் 15-07-2025 என்று சரியாகத் தெரியும். 4. ‘சேமி’ அழுத்துக. 5. ‘என் விண்ணப்பங்கள்’ திறக்க.
>
> வர வேண்டியது: 15-07-2025. வருவது: 14-07-2025.
>
> எத்தனை முறை: நாள்காட்டி வழியாக 5-க்கு 5. ‘இன்று’ பொத்தான் வழியாக (காலை 10 மணிக்கு) 5-க்கு 0.
>
> அனுப்பிய தரவு: `"from_date": "2025-07-14"`. ஆக, பிரவுசரை விட்டுப் போகும்போதே தப்பு.
>
> சூழல்: செயலி 4.12.0, மக்கள் பயன்படுத்தும் சர்வர், நேர மண்டலம் Asia/Kolkata. குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும், இரண்டு கணக்குகளிலும் வருகிறது. 4.11.3-இல் நாள்காட்டி வழியாகப் போட்ட பழைய விண்ணப்பம் ஒன்று சரியாக உள்ளது.
>
> பாதிப்பு: 1-ஆம் தேதி தொடங்கும் விடுப்பு முந்தைய மாதக் கணக்கில் சேர்கிறது. ஏற்கெனவே சேமித்தவையும் தப்பாக உள்ளன. நாள்காட்டிக்குப் பதிலாகத் தேதியைக் கைப்படத் தட்டும் வழி இல்லை.
>
> ஊகம் (உறுதி செய்யவில்லை): உள்ளூர் நள்ளிரவை யுடிசிக்கு மாற்றித் தேதியை வெட்டுவதால் இருக்கலாம்.

தலைப்பு கொஞ்சம் நீளம்தான், ஆனால் டிக்கெட்டைத் திறக்காமலே யாருடைய வேலை என்று புரிகிறது. ‘அவசரம்’ என்ற சொல் எங்கும் இல்லை. பாதிப்பு வரியே அவசரத்தைச் சொல்லிவிடுகிறது. மாத முடிவுக்குள் கணக்கு மூட வேண்டும் என்றால் அந்தத் தேதியை அந்த வரியில் சேர்க்கலாம்.

ஊகத்தைக் கடைசியில் தனியாக வைத்ததைக் கவனியுங்கள். ஊகம் சொல்வது தப்பே இல்லை, பல நேரம் உதவும். ஆனால் அது பார்த்தவற்றோடு கலந்துவிட்டால் சிக்கல். “நேர மண்டலப் பிழையால் தேதி மாறுகிறது” என்று தலைப்பிட்டிருந்தால், படிப்பவர் சர்வரின் நேர மண்டல அமைப்பைச் சரிபார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று மூடியிருக்கக்கூடும். ஊகம் தப்பானாலும் மேலே உள்ள படிகளும் மதிப்புகளும் நிற்க வேண்டும்.

அதே பிழையிலிருந்து பிறக்கும் வேலைக்குறிப்பு

நிரலைத் திருத்தியாயிற்று. இப்போது யாரோ ஒருவர் இன்னொரு டிக்கெட் போடுகிறார்: “பழைய தேதிகளைச் சரிசெய்யவும்.” இது பிழை அறிக்கை இல்லை, வேலைக்குறிப்பு. ஆனால் இதற்கும் மறுகேள்விகள் வரிசையில் நிற்கின்றன, இங்கே அவற்றைக் கேட்காமல் வேலை செய்பவர் ஆபத்தானவர். அவர் 4.12.0-க்குப் பிறகு வந்த எல்லாப் பதிவுகளுக்கும் ஒரு நாளைக் கூட்டிவிட்டால், ‘இன்று’ பொத்தான் வழியாகச் சரியாகச் சேமித்தவை எல்லாம் இப்போது தப்பாகிவிடும். யுடிசியிலும் அதற்குப் பின்னால் உள்ள நேர மண்டலங்களிலும் இருந்து நாள்காட்டி வழியாகப் போட்டவையும் அப்படியே. அங்கே உள்ளூர் நள்ளிரவு யுடிசியிலும் அதே நாளில்தான் விழும், அவர்கள் தேதி மாறவே இல்லை.

அதனால் குறிப்பில் முதலில் வர வேண்டியது எல்லை. எந்தப் பதிவுகள்: 4.12.0 வெளியான நேரத்திலிருந்து திருத்தம் வெளியான நேரம் வரை உருவானவை, விண்ணப்பித்தவரின் நேர மண்டலம் யுடிசிக்கு முன்னால் இருப்பவை. எதைத் தொடக் கூடாது: அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவை, கணக்கு ஏற்கெனவே மூடிய மாதங்களின் தொகைகள். இரண்டாவதை எழுதாமல் விடுவதுதான் வழக்கம். செய்ய வேண்டியதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். வேலை செய்பவர் தயங்குவதோ எல்லை மீறுவதோ இந்த இடத்தில்தான்.

அடுத்தது தீர்மானிக்கும் விதி. பதிவு உருவான நேரத்தை விண்ணப்பித்தவரின் உள்ளூர் நாளாக மாற்றி, சேமித்த தொடக்கத் தேதியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறு நாளாக இருந்தால் அது பெரும்பாலும் நாள்காட்டி வழியாக வந்தது; ஒரு நாள் கூட்டலாம். இரண்டும் ஒரே நாளாக இருந்தால் இரு வாய்ப்புகள் உண்டு: ‘இன்று’ பொத்தானை அழுத்தியிருக்கலாம், அது சரி, அல்லது நாள்காட்டியில் நாளையைத் தொட்டு அது இன்றாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம், அது தப்பு. பதிவை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அதிகாலை 5:30-க்கு முன் பொத்தானை அழுத்தியவர்களின் பதிவு முந்தைய நாளாக விழுந்திருக்கும். அதற்கும் ஒரு நாள் கூட்டுவதுதான் சரி என்பதால் முதல் விதியே அதைப் பார்த்துக்கொள்ளும்.

பிரிக்க முடியாதவற்றை என்ன செய்வது என்று குறிப்பிலேயே முடிவு சொல்லியிருக்க வேண்டும். வேலை செய்பவரின் தலையில் கட்டக் கூடாது. “இவற்றை மாற்ற வேண்டாம், தனிப் பட்டியலாக எடுத்து விடுப்பு நிர்வாகம் பார்ப்பவரிடம் கொடுக்கவும், அவர் விண்ணப்பித்தவரிடம் கேட்பார்” என்ற ஒரு வாக்கியம் போதும். பட்டியலில் என்னென்ன நெடுவரிசை வேண்டும் என்பதையும் எழுதிவிடலாம்: விண்ணப்ப எண், உருவான நேரம், இப்போதுள்ள தேதி, தப்பாக இருந்தால் இருந்திருக்க வேண்டிய தேதி.

கடைசியாக, எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும். “தேதிகள் சரியாக இருக்க வேண்டும்” என்பதைச் சோதித்துப் பார்க்க முடியாது. இப்படி எழுதலாம்: மாற்றும் முன் பாதிக்கப்பட்ட பதிவுகளின் நகல் எடுத்துவைக்கப்பட்டிருக்க வேண்டும். மாற்றிய பதிவுகளின் எண்ணிக்கையும் தனிப் பட்டியலின் எண்ணிக்கையும் சேர்ந்து, எல்லைக்குள் வந்த மொத்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். முதல் டிக்கெட்டில் உள்ள 2025-07-14 பதிவு 2025-07-15 என்று மாறியிருக்க வேண்டும். மாற்று நிரலைத் தெரியாமல் இரண்டாவது முறை ஓட்டினாலும் எந்தப் பதிவும் இன்னொரு நாள் நகரக் கூடாது. ஆகவே மாற்றிய பதிவுகளின் எண்களைக் குறித்துவைத்து, குறித்தவற்றைத் தாண்டிப் போகும்படி நிரல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் விட்டுவிடுவார்கள். நிரல் நடுவில் நின்றுபோய், மீதிக்காகத் திரும்ப ஓட்டும் நாளில்தான் அது நினைவுக்கு வரும். அதற்குள் முதல் பாதிப் பதிவுகள் ஜூலை 16-க்குப் போயிருக்கும்.